கடுப்பு நோட்டு: கல்யாண மேடையில் நண்பனைக் கலாய்ப்பதற்கு முன்

வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டை பக்கம் இப்போது கல்யாண வரவேற்புகளில் நண்பர்கள் மேடையேறி மாப்பிள்ளையைக் கலாய்ப்பது வழக்கமாகிவிட்டது. அதற்கு எழுதிக் கொடுப்பதும், பேசப் போகிறவர்களைத் தயார் செய்வதும் என் தொழில். என்னிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் கொண்டுவருவது ஒரு வசவுப் பட்டியல்தான்: சோம்பேறி, கஞ்சன், லேட்டா வருவான். இதை மேடையில் சொன்னால் யாரும் சிரிக்க மாட்டார்கள். பெண் வீட்டார் மட்டும் குறித்துக்கொள்வார்கள்.

அதனால் முதலில் ஒரு சின்ன நோட்டு வாங்கச் சொல்வேன். கல்யாணத்துக்கு ஒரு மாதம் இருக்கும்போதே தொடங்கிவிட வேண்டும். நண்பன் எப்போதெல்லாம் கடுப்பேற்றுகிறானோ அப்போதே, அந்த இடத்திலேயே மூன்று விஷயங்களை எழுத வேண்டும்: மணி என்ன, அவன் வாயிலிருந்து வந்த சொற்கள் அப்படியே என்ன, கண்ணுக்கும் காதுக்கும் எட்டியது என்ன. கோபத்தை எழுத வேண்டாம். இடது பக்கம் நடந்தது, வலது பக்கம் காலி. ஒரு வாரம் கழித்துப் படிக்கும்போது எது இன்னும் உறுத்துகிறதோ அதை மட்டும் வலது பக்கத்தில் ஜோக்காக எழுதிப் பார்க்க வேண்டும். நோட்டு தொலைந்து யார் கையிலாவது கிடைக்கலாம், ஆகவே பெயருக்குப் பதில் ஒரு எழுத்து போதும்.

அமெரிக்க நகைச்சுவைக் கலைஞர் ஃபிலிஸ் டில்லர் இப்படி வீட்டு எரிச்சல்களை அட்டைகளில் தட்டச்சு செய்து, தலைப்பு வாரியாக இழுப்பறைகளில் அடுக்கி வைத்திருந்தார். 50,000-க்கும் மேற்பட்ட அந்த அட்டைகள் இன்று ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அவற்றில் கணவனைப் பற்றிய கிண்டல்களுக்கென்றே ‘ஃபாங்’ என்று ஒரு கற்பனைக் கணவனை அவர் உருவாக்கிக்கொண்டார். ஆனால் கல்யாண மேடையில் நமக்கு அந்த வசதி கிடையாது. கலாய்க்கப்படுகிறவன் மாலையோடு பக்கத்திலேயே நிற்கிறான். அதனால்தான் ஜோக்கை முன்கூட்டியே சிலரிடம் சொல்லிப் பார்க்கும் வேலை இங்கே இன்னும் முக்கியம்.

ஒரு நோட்டில் இருந்த வரிகளையே எடுத்துக்கொள்கிறேன், அதில் வரும் கிரீன் சர்க்கிள் வேலூரில் இருக்கும் ஒரு ரவுண்டானா: “ஞாயிறு காலை 9:10. போன். ‘கிரீன் சர்க்கிள் தாண்டிட்டேன் மச்சி.’ பின்னாடி பக்கெட்டில் தண்ணி விழுகிற சத்தம். வந்து சேர்ந்தது 10:05. தலை ஈரம்.” எழுதியவர் இதை “எப்பவும் லேட்” என்று சுருக்கியிருந்தால் எனக்கு ஒன்றும் கிடைத்திருக்காது. அந்தத் தண்ணிச் சத்தம் தங்கம். தாமதமாக வருகிறவன் எல்லா ஊரிலும் இருக்கிறான். குளித்துக்கொண்டே கிரீன் சர்க்கிளைத் தாண்டுகிறவன் இவன் ஒருவன்தான்.

முதலில் எழுதியது இது: “போன் பண்ணா கிரீன் சர்க்கிள் தாண்டிட்டேன்னு சொல்வான், ஆனா பக்கெட்ல தண்ணி விழுற சத்தம் கேக்கும், பாலாத்துலயே தண்ணி இல்லாதப்ப இவனுக்கு மட்டும் எங்கிருந்து தண்ணி வருதுன்னு எங்களுக்குப் புரியவே இல்ல.” விஷயம் இருக்கிறது, ஆனால் வால் நீளம். ‘பாலாறு’ வந்ததும் சிரிக்க வாய் திறக்கிறவர்கள், பேச்சு இன்னும் முடியவில்லையே என்று அடக்கிக்கொள்வார்கள். தமிழில் வினை கடைசியில் வருவதால் இந்தச் சிக்கல் அடிக்கடி வரும். “புரியவே இல்ல”, “ன்னு நினைச்சேன்” போன்ற வால்களை வெட்டி, வாக்கியத்தை உடைத்துவிட வேண்டும்: “பின்னாடி பக்கெட்ல தண்ணி கொட்டுது. டேய், பாலாத்துலயே தண்ணி இல்ல. கிரீன் சர்க்கிள்ல இன்னாடா ரொம்புது?”

இனி சொல்லிப் பார்ப்பது. மூன்று பேர் போதும், ஆனால் மூன்று வகையாக இருக்க வேண்டும். மாப்பிள்ளையை நன்றாகத் தெரிந்தவர் ஒருவர், தெரியவே தெரியாதவர் ஒருவர், மாப்பிள்ளை பக்கம் நின்று பேசக்கூடியவர் ஒருவர். தனித்தனியாகச் சொல்ல வேண்டும். சேர்த்து உட்கார வைத்தால் ஒருவர் சிரிப்பு மற்றவரைத் தொற்றிக்கொள்ளும், எது வேலை செய்தது என்றே தெரியாது. “ஒரு ஜோக் சொல்றேன்” என்றும் ஆரம்பிக்கக் கூடாது. டீ குடிக்கும்போது பேச்சோடு பேச்சாகச் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும்.

கல்லூரி நண்பர் “தாண்டிட்டேன்” என்ற இடத்திலேயே சிரித்துவிட்டார். அது மாப்பிள்ளையை நினைத்து வந்த சிரிப்பு, ஜோக்கின் கணக்கில் சேராது. மாப்பிள்ளையைத் தெரியாத ராணிப்பேட்டைக்காரர் சிரிக்கவில்லை. “பக்கெட் எதுக்கு?” என்று கேட்டார். ஆள் குளிக்கிறான் என்பதே அவருக்குப் போய்ச் சேரவில்லை. மண்டபத்தில் பாதிப் பேர் இவரைப் போலத்தான் இருப்பார்கள். ஆகவே பக்கெட்டோடு ஒரு வரி சேர்த்தோம்: “அவங்க அம்மா வேற கதவைத் தட்டி, ‘எவ்ளோ நேரம்டா குளிப்ப?’ங்கறாங்க.” அந்த ஒரு வரி மட்டும்தான் மாற்றம். அதை இன்னொரு புது ஆளிடம் சொன்னபோது சிரிப்பு பாலாற்றில் சரியாக வந்தது. ஒரே நேரத்தில் இரண்டு இடத்தை மாற்றினால் எது சரிசெய்தது என்று தெரியாமல் போகும். ஏற்கெனவே கேட்டவரிடம் திரும்பச் சொல்லிப் பார்ப்பதும் வீண்.

“நல்லா இருக்கு” என்று யாராவது சொன்னால் அது வேலை செய்யவில்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள். பிடித்திருந்தால் கேட்டவர் தன் பங்குக்கு ஒன்று சேர்ப்பார். மூன்றாமவரான மாப்பிள்ளையின் அக்கா அப்படித்தான் செய்தார்: “கிளம்பிட்டேன்னு சொன்னா இன்னும் எழுந்திருக்கலன்னு அர்த்தம்.” அது அப்படியே அடுத்த வரியானது. அதன் பின்னால், “அதனாலதான் நாளைக்கு முகூர்த்தத்துக்கு இன்னிக்கே மண்டபத்துல படுக்க வைக்கிறாங்க” என்று முடித்தோம்.

அதே அக்காதான் இன்னொரு ஜோக்கைக் கேட்டதும் டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். அது மாப்பிள்ளை வேலை மாறியதைப் பற்றியது. மற்ற இருவரும் சத்தமாகச் சிரித்த ஜோக் அது. ஆனால் சம்பந்தம் பேசும்போது அந்த விஷயத்தில் பெண் வீட்டாருக்கும் இவர்களுக்கும் மனக்கசப்பு நடந்திருக்கிறது. நண்பர்களுக்கு அது தெரியாது. உடனே எடுத்துவிட்டோம். மூன்றாமவர் கட்டாயம் வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடிப்பது இதற்காகத்தான். சாதி, நிறம், உடம்பு, நோய், கடன், பழைய காதல் இவற்றை நான் சோதனைக்கே கொண்டுபோவதில்லை. 2022 ஆஸ்கர் மேடையில் கிறிஸ் ராக் ஒரு பெண்ணின் மொட்டைத் தலையைக் கிண்டல் செய்தார். அந்தப் பெண்ணுக்கு முடி உதிரும் நோய் இருந்தது. கணவர் வில் ஸ்மித் மேடையேறி அறைந்ததை உலகமே பார்த்தது. லேட்டாக வருகிறவன் நாளைக்கே நேரத்துக்கு வரலாம். நோயை அப்படி மாற்றிக்கொள்ள முடியுமா?

தகவலையும் ஒருமுறை சரிபார்க்க வேண்டும். “தண்ணியில்லாத ஆறு, மரமில்லாத மலை, சாமியில்லாத கோயில்” என்று நம் வேலூரைப் பற்றி ஒரு பழைய கிண்டல் உண்டு. அதை அப்படியே எழுதிக்கொண்டு வருகிறார்கள். கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரர் 1981-லேயே திரும்ப வந்துவிட்டார். மண்டபத்தில் இருக்கும் பெரியவர் ஒருவர் திருத்தினால் பேச்சு அங்கேயே உட்கார்ந்துவிடும். பாலாற்று வரிக்கும் இதே நிபந்தனைதான். 2021 நவம்பரில் ஆறு கரைபுரண்டு ஓடியது. அந்த மாதிரி வாரத்தில் அதைச் சொன்னால் சிரிப்பு வராது, வீட்டில் தண்ணீர் புகுந்தவர் எதிரில் உட்கார்ந்திருப்பார்.

கடைசியாக, மாப்பிள்ளையிடம் ஜோக்கைச் சொல்லாமல் தலைப்பை மட்டும் சொல்லுங்கள்: “உன் லேட்டு, உன் பைக்கு, உன் சமையல், இதெல்லாம் பேசப் போறோம், சரியா?” எதற்காவது அவர் முகம் மாறினால் காரணம் கேட்காமல் எடுத்துவிடுங்கள். அதற்குப் பிறகு மண்டபத்தில் நின்று, மைக் கைக்கு வந்ததும், புதிதாக ஒன்றைச் சேர்க்க நினைக்காதீர்கள். அந்த ஒரு வரியை அக்கா கேட்டிருக்க மாட்டார்.