கையால பிரேக் போடப்போறீங்களா, முதல்ல முழங்கையைப் பாருங்க

"மேடம், கார் வாங்கிட்டேன், ஹேண்ட் கன்ட்ரோல் எங்க மாட்டுறதுன்னு மட்டும் சொல்லுங்க"ன்னுதான் பாதிப் பேர் எங்கிட்ட வர்றாங்க. கால் வராதவங்க பிரேக்கையும் ஆக்சிலரேட்டரையும் கையாலயே போட வைக்கிற கிட்தான் அது. நான் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட், முதுகுத்தண்டு அடிபட்டவங்களோடதான் தினமும் வேலை. கார் வாங்குறதுக்கு முன்னாடி வாங்கன்னு எத்தனை தடவை சொன்னாலும் ஷோரூம் போயிட்டுதான் இங்க வருவாங்க. போன வருஷம் திருப்பூர் பக்கம் இருந்து வந்த தம்பியும் அப்படித்தான். பனியன் கம்பெனில அக்கவுண்ட்ஸ் பாக்குறாரு, பைக் ஆக்சிடென்ட்ல டி10 லெவல் இஞ்சுரி, அதாவது தொப்புளுக்குக் கீழ உணர்ச்சியும் இல்ல அசைவும் இல்ல, ஆனா கை ரெண்டும் நல்ல பலம். வாங்கியிருந்தது ஏஎம்டி கியர் வச்ச ஒரு காம்பாக்ட் எஸ்யூவி. ஆட்டோமேட்டிக் எடுத்தது சரி, ஏன்னா கிளட்ச்சையும் கைக்குக் கொண்டுவர்ற கிட் இருக்கு, ஆனா அதுல ஒரே கைக்கு வேலை கூடிப்போயிரும். தப்பு எங்கன்னா காரோட உயரத்துல.

டேப் எடுத்து அளந்தேன். அவரோட வீல்சேர் சீட், குஷனோட சேத்து தரையில இருந்து 51 சென்டிமீட்டர். கார் சீட் 64. பதிமூணு சென்டிமீட்டர் தானேன்னு நமக்குத் தோணும், ஆனா ரெண்டு கையையும் ஊனி உடம்பு மொத்தத்தையும் அவ்வளவு மேல தூக்கிப் பக்கவாட்டுல வைக்கணும். காலைல ஃப்ரெஷ்ஷா இருக்கும்போது ஏறிட்டாரு, சாயங்காலம் ஆபீஸ் முடிஞ்சு வந்தா தோள்ல பலம் இல்ல, பாதில மாட்டி நின்னுட்டாரு. கார் வாங்கியாச்சு, திருப்பிக் கொடுக்க முடியாது, அதனால வீல்சேருக்கும் கார் சீட்டுக்கும் நடுவுல பாலம் மாதிரி வைக்கிற ட்ரான்ஸ்ஃபர் போர்டு கொடுத்து நாலு வாரம் பழக்கினோம். ஒரு ஹேட்ச்பேக் எடுத்திருந்தா அந்த நாலு வாரம் மிச்சம். இன்னொண்ணு, சீட்டுல உக்காரும்போது புண் வராம இருக்க குஷன் போடணும், அந்தக் குஷன் போட்டுத்தான் எல்லா அளவும் எடுக்கணும். குஷன் இல்லாம அளந்துட்டு அப்புறம் போட்டா தலை மேல போகும், கை எட்டுற தூரமும் மாறிப்போகும்.

கிட் மாட்டுறதுக்கு முன்னாடி இன்னொரு வேலை செஞ்சோம், இதை யாரும் செய்றதில்ல. அவரை டிரைவர் சீட்ல வேணாம், பக்கத்து சீட்ல உக்கார வச்சு வீட்டு ஆளை ஓட்டச் சொல்லி ஒரு மணி நேரம் குண்டும் குழியுமான ரோட்ல கூட்டிட்டுப் போனோம், அவரோட காலை மட்டும் பாத்துக்கிட்டே. தசை நம்ம சொல்லாமயே இறுகுற ஸ்பாசம் இருக்கறவங்களுக்கு ஒரு குழில வண்டி இறங்கினா கால் தானா விறைச்சு நீளும், இல்லன்னா குதிகால் தடதடன்னு ஆடும். யூரின் பேக் நிறைஞ்சாலும் வரும். டிரைவர் சீட்ல இது நடந்தா பாதம் ஆக்சிலரேட்டர் மேல அழுத்தும், இல்ல பிரேக் பெடலுக்கு அடியில போய் சொருகிக்கும். சொருகிட்டா கையால எவ்வளவு தள்ளினாலும் பிரேக் இறங்காது. இவருக்கு அந்த ஒரு மணி நேரத்துல நாலு தடவை வந்துச்சு, அதனால பெடலுக்கு முன்னாடி மறைப்பா ஒரு பெடல் கார்டும் கெண்டைக்கால்ல ஒரு ஸ்ட்ராப்பும் முடிவாச்சு. வீட்ல வேற யாராவது காலால ஓட்டணும்னா கழட்டிக்கிற மாதிரியான கார்டு வாங்குங்க. ஸ்பாசத்துக்கு பேக்லோஃபென் எடுக்கறவங்க தூக்கம் வருதான்னு பாத்துட்டு டாக்டர்கிட்ட மாத்திரை நேரத்தைப் பேசிக்கணும், நீங்களா நிறுத்தக்கூடாது.

இப்ப கிட்டுக்கு வருவோம். நான் இதுல மாட்டினது ஸ்டியரிங்குக்கு இடது பக்கம் வர்ற ஒரு லிவர், அங்க இருந்து ரெண்டு ராடு இறங்கிப் பெடல் தண்டுகள்ல கிளாம்ப் ஆகும். லிவரை முன்னாடி தள்ளினா பிரேக், தன்னை நோக்கி இழுத்தா ஆக்சிலரேட்டர். வலது கை ஸ்டியரிங்ல ஒரு குமிழ் மாதிரி ஸ்பின்னர் நாப்பைப் பிடிச்சுத் திருப்பும். இங்க ஓடுற நிறைய கார்ல இண்டிகேட்டரும் வலது பக்கம்தான் இருக்கும், அதனால திரும்புறதுக்கு முன்னாடியே இண்டிகேட்டரைப் போட்டுட்டு அப்புறம்தான் நாப்பைப் பிடிக்கணும், திருப்பிக்கிட்டே போட முடியாது. இது பழக ரெண்டு வாரம் ஆச்சு அவருக்கு.

வண்டிகளையும் பாகங்களையும் சோதிக்கிற ஏஆர்ஏஐ அமைப்போட அப்ரூவல் இருக்கற கிட்தான் வாங்கினோம், மாட்டின ஃபிட்டர் அண்ணனும் அனுபவசாலி, ஆனா தப்பு நடந்துச்சு. என்ஜின் ஆஃப்ல வச்சு ராடு நீளத்தை செட் பண்ணாரு, லிவரைத் தள்ளிப் பாத்தாரு, பிரேக் கல்லு மாதிரி நின்னுச்சு, சூப்பர்னுட்டாரு. நான் என்ஜினை ஸ்டார்ட் பண்ணச் சொன்னேன். பிரேக் பூஸ்டர் வேக்குவம்ல வேலை செய்யுது, என்ஜின் ஓடினாதான் அது உதவும், பெடல் இன்னும் கீழ இறங்கும். இப்ப மறுபடி முழுசா தள்ளச் சொன்னா தம்பியோட முழங்கை நேரா நீண்டு முடிஞ்சிருச்சு, பெடல் இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்கு. நமக்கா இருந்தா முன்னாடி சாஞ்சு தள்ளிருவோம். அவருக்கு வயித்துத் தசை பாதிதான் வேலை செய்யுது, சாயுறதுக்கு உடம்பு ஒத்துழைக்காது, சடன் பிரேக்ல சீட் பெல்ட் வேற லாக் ஆகும். அதாவது பாதி பிரேக்தான் கைவசம் இருந்துச்சு, ரோட்ல ஒரு நாயோ ஆட்டோவோ குறுக்க வர்ற அன்னிக்குத்தான் அது தெரிஞ்சிருக்கும்.

சீட்டை முன்னாடி தள்ளலாம்னு ஃபிட்டர் சொன்னாரு. தள்ளினோம், முட்டி லிவர்ல இடிச்சுது, அவருக்கு அங்க உணர்ச்சி இல்லாததால இடிக்கறதே தெரியல, நான்தான் பாத்தேன். தினமும் இடிச்சுக்கிட்டே இருந்தா தோல் புண்ணாயிரும். கடைசில ராடை நீட்டி, லிவர் சும்மா இருக்கற இடத்தையே தம்பிப் பக்கம் ஒரு நாலு சென்டிமீட்டர் கொண்டுவந்தாங்க. என்ஜின் ஓடும்போது முழு பிரேக் போட்டாலும் முழங்கை கொஞ்சம் மடிஞ்சே இருந்துச்சு. பிரேக் சூடாகி பெடல் இன்னும் கீழ போனா அந்த மடிப்புதான் கை இருப்பு, அதனால முழங்கை மடங்கி இருக்கணும்ங்கறதை நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன். அப்புறம் ஸ்டியரிங்கை ரெண்டு பக்கமும் கடைசி வரைக்கும் சுத்திப் பாத்தோம், நாப் லிவர்ல தட்டுதான்னு. என்ஜின் ஆஃப்ல ஆக்சிலரேட்டரை முழுசா இழுத்து விட்டு இருபது தடவை பாத்தோம், ஒவ்வொரு தடவையும் படக்குன்னு திரும்பணும், ஃப்ளோர் மேட் ராடுல மாட்டினா திரும்பாது, மேட்டையே எடுத்துட்டோம். என்ஜின் ஆஃப்ல பிரேக்கை நாலஞ்சு தடவை அமுக்கி வேக்குவத்தைத் தீர்த்துட்டு லிவரைத் தள்ளிப் பாக்கறதும் உண்டு, ஓடும்போது என்ஜின் நின்னுபோனா எவ்வளவு பலமாத் தள்ளணும்னு கைக்குத் தெரியணும்ல.

மேட்டுல வண்டி நிறுத்திக் கிளப்புறதுதான் அவருக்குப் பயமா இருந்துச்சு. ஒரே லிவர்னால பிரேக்கையும் ஆக்சிலரேட்டரையும் ஒண்ணா வச்சிருக்க முடியாது, பிரேக்ல இருந்து ஆக்சிலரேட்டருக்குக் கை மாறுற அந்த இடைவெளியில ஏஎம்டி வண்டி பின்னாடி உருளும். இவரோட கார்ல ஹில் ஹோல்டு இருந்ததால ரெண்டு செகண்ட் பிடிச்சு நின்னுச்சு. இல்லாத வண்டின்னா லிவரை விட்டுட்டுக் கியர் பக்கம் இருக்கற ஹேண்ட் பிரேக்குக்கு இடது கையே போகணும், பழக்கம் இல்லாதவங்க கை ரெண்டுக்கும் நடுவுல தவிச்சுப்போகும். அதனால வாங்கும்போதே கேளுங்க, ஷோரூம்ல கலர் பத்திப் பேசுற நேரத்துல.

லைசன்ஸ் கதை தனி. அவர்கிட்ட ஆக்சிடென்ட்டுக்கு முன்னாடி எடுத்த கார் லைசன்ஸ் இருந்துச்சு, இன்னும் வேலிடிட்டி இருக்கு, போதும்ல மேடம்னு கேட்டாரு. போதாது. அது கால்ல ஓட்டுற உடம்புக்குக் கொடுத்த லைசன்ஸ். மோட்டார் வாகனச் சட்டத்துல 2019 திருத்தத்துக்கு அப்புறம் "அடாப்டட் வெஹிக்கிள்"னு ஒரு வகை இருக்கு, முன்னாடி அதையே "இன்வேலிட் கேரியேஜ்"னு எழுதியிருந்தாங்க, கேக்கவே நல்லால்ல. மெடிக்கல் சர்டிஃபிகேட்ல குறை தெரிஞ்சா ஆர்டிஓ சாதாரண லைசன்ஸ் கொடுக்க மறுக்கணும், ஆனா அடாப்டட் வண்டிக்கு மட்டும்னு கட்டுப்படுத்திக் கொடுக்கலாம்னு அதே சட்டம் சொல்லுது. இதைத் தெரியாத ஆபீஸ்ல "காலு வராதா, அப்ப முடியாது"ன்னு கவுண்டர்லயே திருப்பி அனுப்பிருவாங்க. இவரையும் ஒரு தடவை அனுப்பினாங்க. இரண்டாவது தடவை சட்டப் பக்கத்தை பிரிண்ட் எடுத்துட்டுப் போனோம்.

வண்டி விஷயமும் அதே மாதிரி. வண்டியை அடாப்டட்டா மாத்திட்டு அப்புறம் ஆர்டிஓகிட்ட அப்ரூவல் வாங்கலாம்னு சட்டத்துலயே இருக்கு, ஆனா நிறையப் பேர் மாட்டினதோட விட்டுடுறாங்க, ஆர்சி புக் பழசாவே இருக்கும். ஆக்சிடென்ட் ஆனா இன்ஷூரன்ஸ் கம்பெனி முதல்ல தேடுறது அதைத்தான். நாங்க கிட் பில், அப்ரூவல் பேப்பர் எல்லாம் வச்சு வண்டியைக் காட்டி ஆர்சில ஏத்தினோம், அதுக்கப்புறம் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு எழுத்துல தெரிவிச்சோம். ஆர்சில ஏறியிருந்தா நம்ம வண்டிக்கு ஆகுற சேதத்துக்கான ஓன் டேமேஜ் பிரீமியத்துல 50 சதவீதம் வரைக்கும் தள்ளுபடி கொடுக்கறது பழைய மோட்டார் டேரிஃப்ல இருந்தே இருக்கற வழக்கம், ஏஜென்ட் தானா சொல்ல மாட்டாரு, கேளுங்க.

லைசன்ஸுக்கு எங்க ஆபீஸ்ல எல்எல்ஆர்ல இருந்தே ஆரம்பிக்கச் சொன்னாங்க. ஃபார்ம் 1ஏங்கற மெடிக்கல் சர்டிஃபிகேட்ல டாக்டர் சைன் பண்ணணும், அதுல நான் எழுதின ரிப்போர்ட்டையும் இணைச்சேன். கை பலம், ரியாக்ஷன் டைம், உக்காரும் பேலன்ஸ் எல்லாம் அதுல வரும். ரியாக்ஷன் டைமுக்குப் பெரிய மெஷின் ஒண்ணும் இல்ல, ஸ்கேலைக் கைக்கு மேல பிடிச்சு சொல்லாம விடுவேன், அவர் பிடிக்கணும், 20 சென்டிமீட்டர்ல பிடிச்சா கிட்டத்தட்ட 0.2 செகண்ட். அவர் 18லயே பிடிச்சாரு. டெஸ்ட் அன்னிக்கு அவரோட வண்டியிலேயேதான் ஓட்டணும், பிரேக் இன்ஸ்பெக்டர் பக்கத்துல ஏறி உக்காந்தாரு, அவருக்கும் இது முதல் தடவை போல. கிளப்புறதுக்கு முன்னாடி லிவரைத் தொட்டுப் பாத்துட்டு, "இதை முழுசாத் தள்ளுப்பா"ன்னாரு. தம்பி தள்ளினாரு. "இன்னும் தள்ளு". முழங்கையைப் பாத்தேன், மடிஞ்சுதான் இருந்துச்சு.

இப்ப எட்டு மாசம் ஆச்சு, தினமும் ஆபீஸுக்கு அவரே ஓட்டிட்டுப் போறாரு. கிளாம்ப் போல்ட்டும் நட்டும் சேர்ற இடத்துல வெள்ளைப் பெயின்ட்ல ஒரு கோடு இழுத்து வச்சிருக்கோம், நட்டு லூஸானா கோடு விலகும். ஞாயித்துக்கிழமை காலைல அவரோட பொண்ணு குனிஞ்சு போட்டோ எடுத்து எனக்கு அனுப்பிரும், ஆறாவது படிக்குது. போன மாசம் ஒரு கோடு லேசா விலகியிருந்துச்சு, அன்னிக்கே ஃபிட்டர் அண்ணனை வரச்சொல்லி டைட் பண்ணியாச்சு.