டி.ஓ. போட்டாச்சு என்று மூன்று மாதம் காத்திருக்காதீர்கள்

போன வாரம் வவுனியாவில் என் அலுவலகத்துக்குப் புதுக்குடியிருப்புப் பக்கத்திலிருந்து ஓர் அம்மா வந்தார். மகனைப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் பிடித்து நாற்பத்தொரு நாள் ஆகிவிட்டது. ஏன் இவ்வளவு நாள் வரவில்லை என்று கேட்டேன். "டி.ஓ. போட்டாச்சாம் பிள்ளை. மூன்று மாதத்துக்கு ஆராலும் ஒண்டும் செய்ய ஏலாதாம். அதுக்குப் பிறகு கோட்டுக்கு வருமாம், அப்ப லோயரைப் பிடிக்கலாம் எண்டு சொன்னவை."

சொன்னது யார் என்று கேட்டால் பதில் எப்போதும் ஒன்றுதான்: ஊரில் விஷயம் தெரிந்த ஒருவர். மாங்குளத்திலும் இதே கதை, மல்லாவியிலும் இதே கதை. இந்தப் பேச்சை நம்பித் தவணையைத் தவறவிட்ட குடும்பங்களைப் பார்த்துப் பார்த்து எனக்குக் கோபம்தான் வருகிறது. ஆகவே ஆற அமர எழுதுகிறேன்.

டி.ஓ. எனப்படும் தடுத்து வைக்கும் உத்தரவு என்பது தீர்ப்பு அல்ல. 1979ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் 9ஆம் பிரிவில் அமைச்சர் இடும் கட்டளை அது. ஒருவர் சட்டவிரோதச் செயலோடு தொடர்புடையவர் என்று நம்பவோ சந்தேகிக்கவோ அமைச்சருக்குக் காரணம் இருந்தால், ஒரு தடவைக்கு மூன்று மாதத்துக்கு மேற்படாமல் தடுத்து வைக்கச் சொல்லலாம், பிறகு நீடிக்கலாம். மொத்தமாகப் பதினெட்டு மாதம் வரை போகலாம் என்றிருந்ததை 2022ஆம் ஆண்டுத் திருத்தம் பன்னிரண்டு மாதமாகக் குறைத்தது. இப்படி உத்தரவு இல்லாவிட்டால், பிடித்த ஆளை எழுபத்திரண்டு மணித்தியாலத்துக்குள் நீதவான் முன் நிறுத்த வேண்டும்.

"கோர்ட்டால் ஒன்றும் செய்ய முடியாது" என்ற பேச்சு எங்கிருந்து வந்தது என்றும் சொல்லிவிடுகிறேன். பழைய 10ஆம் பிரிவு, இந்த உத்தரவு முடிவானது, எந்த நீதிமன்றத்திலும் கேள்விக்கு உட்படுத்தக் கூடாது என்று சொன்னது. அந்த வரிதான் நாற்பது வருடமாக எங்கள் சனத்தின் வாயில் இருக்கிறது. ஆனால் ஒரு சாதாரண சட்டத்தில் உள்ள வரியால், அரசியலமைப்பு உயர் நீதிமன்றத்துக்குக் கொடுத்த அடிப்படை உரிமை அதிகாரத்தைப் பறிக்க முடியாது. 2022ஆம் ஆண்டுத் திருத்தம் அந்தப் பிரிவையே மாற்றி, அடிப்படை உரிமை மனுவுக்கும் மேன்முறையீட்டு நீதிமன்றத்தின் எழுத்தாணைக்கும் இடமிருப்பதை வெளிப்படையாகவே எழுதிவிட்டது. ஆகவே முதல் நாளிலிருந்தே வழி திறந்திருக்கிறது. அது மூடுவது நீங்கள் காத்திருப்பதால்.

எப்படி மூடுகிறது? அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரையின்படி அடிப்படை உரிமை மனுவை, மீறல் நடந்து ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தில் போட வேண்டும். உத்தரவோ மூன்று மாதத்துக்கு. உத்தரவு முடியட்டும் என்று இருந்தால், கைதை எதிர்க்கும் தவணை அதற்கு வெகு முன்னமே போய்விடும். தடுப்பில் இருப்பவருக்கு மீறல் தொடர்கிறது, சட்டத்தரணியைச் சந்திக்க வழி இருக்கவில்லை என்றெல்லாம் வாதாட இடமுண்டு. நீதிமன்றம் அதை ஏற்ற சந்தர்ப்பங்களும் உண்டு. ஆனால் அது வாதாடிப் பெற வேண்டிய சலுகை. தவணைக்குள் வந்திருந்தால் அந்த வாதமே தேவைப்படாது.

நாற்பத்தொரு நாள் கழித்து வந்த அந்த அம்மாவின் மகன் நெல் வெட்டும் மெஷின் ஓட்டுபவர். (ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) அம்மா கையில் இருந்தது உத்தரவின் ஒரு போட்டோ கொப்பி, மடித்து மடித்து மடிப்பில் எழுத்தே தேய்ந்து போனது. முழுக்கச் சிங்களம். அம்மாவுக்கும் வாசிக்கத் தெரியாது, மகனுக்கும் தெரியாது. வாசித்துப் பார்த்தால் காரணம் என்று இருந்தது ஒரே வசனம்: சட்டவிரோதச் செயலுடன் தொடர்புடையவர் அல்லது சம்பந்தப்பட்டவர் என்று சந்தேகிக்கக் காரணம் உண்டு. இது காரணமே இல்லை. 9ஆம் பிரிவின் வசனத்தை எடுத்து அப்படியே தாளில் ஒட்டியிருக்கிறார்கள். எந்தச் செயல், எப்போது, எங்கே, யாருடன் என்று ஒரு சொல் கிடையாது.

இதை ஏன் பெரிதாகச் சொல்கிறேன் என்றால், மற்ற எல்லாப் பாதுகாப்பும் இதில்தான் தொங்குகிறது. அரசியலமைப்பின் 13(1)ஆம் உறுப்புரை, கைதாகும் ஆளுக்குக் காரணம் சொல்லப்பட வேண்டும் என்கிறது. பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் 13ஆம் பிரிவும், எந்தச் செயலுக்காக உத்தரவு இடப்பட்டது என்பதை அந்த ஆளுக்கு அறிவிக்க வேண்டும், அவரோ அவர் சார்பில் வேறொருவரோ, அமைச்சருக்கு ஆலோசனை சொல்லும் ஆலோசனைச் சபைக்கு முறைப்பாடு எழுதலாம் என்கிறது. அதாவது அம்மாவே எழுதலாம். ஆனால் என்ன குற்றம் என்று தெரியாமல் எதற்குப் பதில் எழுதுவது? "என் மகன் நல்லவன்" என்று நான்கு பக்கம் எழுதியும் பயனில்லை. குறிப்பிட்ட ஒரு நாளில் பரந்தனில் யாரையோ சந்தித்தார் என்று சொல்லியிருந்தால், அன்று அவர் ஒட்டுசுட்டானில் வயலில் நின்றதை மெஷின் சொந்தக்காரரின் கொப்பியே காட்டும். எத்தனை ஏக்கர், யாருடைய வயல், எத்தனை மணிக்கு டீசல் அடித்தது என்று அதில் எல்லாம் எழுதியிருந்தது. சரி, எந்த நாளைக் காட்டுவது? அது சொல்லப்படவில்லை.

நாங்கள் அனுப்பிய முதல் கடிதத்தில் ஆகவே ஒரே ஒரு கேள்விதான்: எந்தச் செயல்? தமிழில் எழுதி, வடக்கில் நிர்வாக மொழி தமிழ் என்பதைச் சுட்டிக்காட்டி, தமிழில் பதில் கேட்டோம். பாதுகாப்பு அமைச்சின் முகவரிக்கு, ஆலோசனைச் சபையின் பெயர் போட்டுப் பதிவுத் தபாலில் அனுப்பி, பிரதியை மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்குக் கொடுத்தோம்.

இங்கே இன்னொரு குழப்பத்தை விளக்க வேண்டும். தமிழ்நாட்டுச் செய்தியில் "குண்டர் சட்டம் ரத்து" என்று வருவதைப் பார்த்துவிட்டு, "அங்கே ஆலோசனைக் குழு விட்டுவிடுகிறதே, இங்கே ஏன் விடாது" என்று கேட்கிறார்கள். அது வேறு நாடு, வேறு அரசியலமைப்பு. இந்தியாவில் மூன்று மாதத்துக்கு மேல் தடுத்து வைக்க வேண்டுமானால் ஆலோசனைக் குழு போதிய காரணம் உண்டு என்று சொல்ல வேண்டும். காரணம் இல்லை என்றால் அரசு விட்டே ஆக வேண்டும். காரணங்களை ஆளுக்குப் புரியும் மொழியில் கொடுக்கவில்லை, முறையீட்டைக் காரணமில்லாமல் தாமதித்தார்கள் என்பதற்காகவே அங்கே நீதிமன்றங்கள் உத்தரவுகளை இரத்துச் செய்கின்றன. எங்கள் ஆலோசனைச் சபை ஜனாதிபதி நியமிக்கும் மூன்று பேருக்குக் குறையாத சபை. அது அமைச்சருக்கு ஆலோசனை சொல்லும், அவ்வளவுதான். அமைச்சர் அதன்படி நடக்க வேண்டும் என்று சட்டத்தில் இல்லை. சபை விடுவிக்கும் என்று நம்பி இருந்துவிடாதீர்கள். அதற்காக எழுதாமலும் விடாதீர்கள். எழுதிய கடிதம் பதிவில் நிற்கும். அடுத்த நீடிப்பில் கையெழுத்துப் போடுகிறவர், இந்த விவரம் எனக்குத் தெரியாது என்று பிறகு சொல்ல முடியாது.

அந்தக் கையெழுத்துத்தான் இலங்கை நீதிமன்றம் உற்றுப் பார்க்கும் இடம். வீரவன்ச எதிர் சட்டமா அதிபர் என்று 2000ஆம் ஆண்டுச் சட்ட அறிக்கையில் உள்ள தீர்ப்பைப் படித்த சட்டத்தரணிகளுக்கு இது தெரியும். நம்பிக்கையோ சந்தேகமோ அமைச்சருக்கே சொந்தமாக ஏற்பட வேண்டும், பொலிஸ் எழுதிக் கொடுத்த முடிவை அப்படியே ஏற்றுக் கையெழுத்துப் போடுவது 9ஆம் பிரிவின்படி போதாது என்று உயர் நீதிமன்றம் அதில் சொன்னது. ஆளை நேரில் கொண்டுவராமலே விளக்கமறியல் நீடிப்பதையும் கண்டித்தது. ஆகவே உத்தரவின் வசனம் சட்டப் பிரிவின் நகலாக மட்டும் இருந்தால், அமைச்சர் எதைப் பார்த்துச் சந்தேகப்பட்டார் என்று கேட்க எங்களுக்குப் பிடி கிடைக்கிறது. அந்த ஒற்றைத் தாளை மடித்துக் கசக்காதீர்கள் என்று கெஞ்சுவது அதனால்தான்.

அம்மாவின் வழக்கில் கைதை எதிர்க்கும் தவணை போய்விட்டது. ஆனால் நீடிப்பு வந்தால் அது புதிய உத்தரவு, அதன் திகதியிலிருந்து புதிதாக எதிர்க்கலாம் என்று மனுவைத் தயாராக வைத்திருக்கிறோம். மெஷின் சொந்தக்காரரும் சமாதான நீதவான் முன் சத்தியக் கடதாசி முடித்துக் கொடுத்துவிட்டார். முதல் மாதத்திலேயே வந்திருந்தால் கைதையும் உத்தரவையும் சேர்த்தே எதிர்த்திருக்கலாம்.

இனி, இன்றைக்கே செய்ய வேண்டியவை. வீட்டில் ஆளைப் பிடிக்கும்போது கைதுப் பற்றுச்சீட்டுக் கேளுங்கள். 2006ஆம் ஆண்டு ஜனாதிபதிப் பணிப்புரையின்படி, பிடித்தவரின் பெயர், பதவி, நேரம், திகதி, எங்கே வைத்திருப்பார்கள் என்று எழுதிக் குடும்பத்துக்குக் கொடுக்க வேண்டும். தர மறுத்தால், மறுத்ததையே நேரத்தோடு எழுதி வையுங்கள். வாகன இலக்கத்தையும் எழுதுங்கள்.

பிறகு விதானையாரிடமும் எம்.பி.யிடமும் போவதற்கு முன் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் வவுனியா அலுவலகத்துக்குப் போங்கள். பிடித்தவர்களே நாற்பத்தெட்டு மணித்தியாலத்துக்குள் ஆணைக்குழுவுக்கு அறிவிக்க வேண்டும் என்று 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம் சொல்கிறது. அறிவித்தார்களா என்று அங்கே கேளுங்கள். ஒரு மாதத்துக்குள் முறைப்பாடு கொடுத்தால், அங்கே விசாரணை நடக்கும் காலம் உயர் நீதிமன்றத் தவணையில் சேராது. ஆனால் கவனம்: முறைப்பாடு கொடுத்த ரசீது மட்டும் போதாது. விசாரணை நடந்துகொண்டிருக்கிறது என்று காட்டும் கடிதம் வேண்டும். ரசீதோடு வீட்டில் இருந்துவிட்டு எட்டு மாதம் கழித்து வராதீர்கள், தயவு செய்து.

தடுப்பிடத்துக்கு நீதவான் நேரில் போய்ப் பார்க்க வேண்டும் என்பது 2022ஆம் ஆண்டுத் திருத்தத்தில் வந்த நல்ல விஷயம். பார்வைக்குப் போகும்போது மகனிடம் அதைச் சொல்லி வையுங்கள். அடித்திருந்தால், மருந்து கொடுக்காவிட்டால், நீதவானிடமே சொல்லட்டும். அவர் பதியும் குறிப்பு பிறகு எங்கள் கைக்கு வரும் சாட்சியம்.

இன்னுமொன்றையும் மகனிடம் சொல்லுங்கள்: வாசிக்க முடியாத தாளில் கையெழுத்துப் போட வேண்டாம். தமிழில் வாசித்துக் காட்டக் கேட்கட்டும். போடத்தான் வேண்டி வந்தால், தன் கையெழுத்துக்குப் பக்கத்தில் "எனக்குச் சிங்களம் வாசிக்கத் தெரியாது" என்று தமிழில் எழுதி, திகதியும் நேரமும் போடட்டும்.