ஒற்றைப்படை நீளச் சுற்றைக் கண்டுபிடிப்பது எப்படி?

கடினமான கிராஃப் கணக்குகளில் வலுவாக இணைந்த கூறுகளைப் பிரிக்கும் கேள்வியும், கிராஃப் இருபிரிவா, அதாவது எந்த விளிம்பின் இரு முனைகளும் ஒரே நிறம் பெறாதபடி இரு நிறம் பூச முடியுமா எனச் சோதிக்கும் கேள்வியும் பெரும்பாலும் தனித்தனியே பயிலப்படுகின்றன. இரண்டும் ஒன்றுசேரும் கேள்வி ஒன்று உண்டு: ஒரு திசையுள்ள கிராஃபில், ஒற்றைப்படை நீளம் கொண்ட திசைச் சுற்று இருக்கிறதா?

ஆறு முனைகள் கொண்ட கிராஃப் ஒன்றை எடுத்துக்கொள்வோம். 1→2, 2→3, 3→4, 4→1 என நான்கு விளிம்புகள் ஒரு சுற்றாகின்றன. 5→6, 6→5 என இரண்டு விளிம்புகள் இன்னொரு சுற்றாகின்றன. இவற்றுக்கிடையே 2→5, 3→5 என்னும் இரு விளிம்புகள் உள்ளன. திசைகளை மறந்துவிட்டு இரு நிறம் பூச முயன்றால் 2, 3, 5 ஆகிய மூன்றும் முக்கோணமாகி நிறங்கள் மோதும். ஆகவே ஒற்றைச் சுற்று உண்டு என்ற விடை வரும். அது தவறு. 5இலிருந்து 2க்கோ 3க்கோ திரும்ப வழியே இல்லை. இங்குள்ள இரு திசைச் சுற்றுகளின் நீளம் 4, 2 மட்டுமே.

ஒரு முனையிலிருந்து மற்றொன்றுக்குச் சென்று திரும்பவும் முடிகிற முனைகளின் மிகப் பெரிய குழுவே வலுவாக இணைந்த கூறு. எந்தத் திசைச் சுற்றும் ஒரே கூறுக்குள்தான் அடங்கும். எனவே கூறுகளுக்கு இடைப்பட்ட விளிம்புகளை ஒதுக்கிவிடலாம். ஆனால் கூறுக்குள் திசையை மறந்து நிறம் பூசுவது சரியாகுமா? ஒரு கூறின் எல்லாத் திசைச் சுற்றுகளும் இரட்டை நீளம் கொண்டவை எனக் கொள்வோம். திசையற்ற ஒரு சுற்றில் u→v என்ற விளிம்பை நாம் பின்னோக்கிக் கடந்திருந்தால், அதற்குப் பதிலாக vஇலிருந்து uக்குச் செல்லும் திசைப் பாதையை வைக்கலாம். அந்தப் பாதையும் விளிம்பும் சேர்ந்து இரட்டை நீளமாவதால், பாதை மட்டும் ஒற்றை நீளமாகவே இருக்க வேண்டும். அதாவது மாற்றிவைத்த பின்னும் மொத்த நீளத்தின் ஒற்றை இரட்டைத் தன்மை மாறாது. ஆகவே திசையற்ற ஒற்றைச் சுற்று ஒன்று இருந்தால் அது திசையுள்ள ஒற்றைச் சுற்றுக்கு இட்டுச் செல்லும். நாம் கொண்ட அனுமானமே முறியும்.

கூறுகளைப் பிரிக்க ராபர்ட் டார்ஜன் 1972இல் வெளியிட்ட முறை ஒரே ஆழத் தேடலில் வேலையை முடிக்கிறது. ஒவ்வொரு முனைக்கும் தேடலில் அது சந்திக்கப்பட்ட வரிசை எண் `disc`; அங்கிருந்து கீழே சென்று திரும்பி எட்டக்கூடியதாகத் தெரியவரும் சிறிய வரிசை எண் `low`. இரண்டும் சமமாகும் முனையில் ஸ்டாக்கின் மேலிருந்து அந்த முனை வரை எடுத்தால் ஒரு கூறு கிடைக்கும்.

```
for v in adj[u]:
    if disc[v] == 0:
        depth[v] = depth[u] + 1
        dfs(v)
        low[u] = min(low[u], low[v])
    elif on_stack[v]:
        low[u] = min(low[u], disc[v])
```

பலர் வெறும் `else` எழுதிவிடும் இடம் கடைசிக் கிளை. நம் கிராஃபில் தேடல் 1இல் தொடங்கினால் அந்தப் பிழை வெளியே தெரியாது. 5இல் தொடங்கிப் பாருங்கள்: 5க்கு எண் 1, 6க்கு எண் 2, அந்தக் கூறு முடிந்து ஸ்டாக்கை விட்டு வெளியேறுகிறது. பிறகு 1, 2, 3, 4 ஆகியவை முறையே 3, 4, 5, 6 என்ற எண்களைப் பெறுகின்றன. 3→5 என்ற விளிம்பு, முடிந்துபோன 5இன் எண்ணான 1ஐ 3இன் `low` மதிப்பில் ஏற்றிவிடும். அது மேலேறி முனை 1இன் `low` மதிப்பையும் 1 ஆக்கிவிடும். அதன் `disc` 3 என்பதால் இரண்டும் சமமாகவே மாட்டா. நான்கு முனைகளும் ஸ்டாக்கிலேயே தங்கிவிடும். தேடல் முடிந்ததும் ஸ்டாக் காலியாக இருக்கிறதா எனப் பார்த்தால் இந்த நிலை உடனே பிடிபடும்.

நிறம் பூசத் தனித் தேடல் தேவையில்லை என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி. ஒவ்வொரு கூறும் ஆழத் தேடல் மரத்தில் துண்டுபடாத ஒரு பகுதியாக அமைவதால், மரத்தில் முனையின் ஆழம் ஒற்றையா இரட்டையா என்பதே அதன் நிறம். ஒரே கூறுக்குள் உள்ள விளிம்பின் இரு முனைகளுக்கும் ஒரே நிறம் வந்தால் ஒற்றைச் சுற்று உண்டு:

```
comp[u] == comp[v] and depth[u] % 2 == depth[v] % 2
```

தன்னையே சுட்டும் விளிம்பும் நீளம் 1 கொண்ட சுற்றாக இதில் தானே அகப்படும். `depth` இருக்கும் இடத்தில் `disc` போட்டுவிடக் கூடாது: 5→6, 6→5, 5→1, 1→5 என்ற சிறு கிராஃபில் எல்லாச் சுற்றுகளும் நீளம் 2தான், ஆனால் 5, 6, 1 என்ற வரிசையில் `disc` 1, 2, 3 ஆவதால் 5க்கும் 1க்கும் ஒரே நிறம் வந்து பொய்யான விடை கிடைக்கும்.

முதல் கிராஃபுக்குத் திரும்பி 5→1 என்ற விளிம்பை மட்டும் சேர்ப்போம். ஆறு முனைகளும் ஒரே கூறாகிவிடுகின்றன. 5இல் தொடங்கி 6ஐ முதலில் பார்த்தால் 5இன் ஆழம் 0; 6, 1 இரண்டுக்கும் 1; 2க்கு 2. முன்பு ஒதுக்கிய 2→5 இப்போது கூறுக்குள் வந்துவிட்டது. அதன் இரு முனைகளின் ஆழமும் இரட்டை. 5→1→2→5 என்ற நீளம் 3 கொண்ட சுற்று பிடிபட்டுவிட்டது.