ரிட்டர்ன் இயல்நிலைப் பரவலில் இல்லை என்றால் இடர் கணக்கில் எது தவறும்?

2020 மார்ச் 23 அன்று நிஃப்டி 50 குறியீடு 8745.45 இலிருந்து 7610.25 க்கு இறங்கியது. ஒரே நாளில் 12.98 சதவீத வீழ்ச்சி. தினசரி ரிட்டர்னின் திட்டவிலக்கம் 1.2 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், அது சராசரியிலிருந்து 10 திட்டவிலக்கத்துக்கும் அப்பால் விழுந்த நாள். இயல்நிலைப் பரவலை நம்பினால், பிரபஞ்சத்தின் வயது முழுவதும் சந்தை நடந்திருந்தாலும் அப்படி ஒரு நாளை எதிர்பார்க்க முடியாது. ஆனால் அதே நிஃப்டி 2004 மே 17 அன்றும் 12 சதவீதத்துக்கு மேல் விழுந்திருந்தது. ஆகவே அந்த நாளைக் குறை சொல்வதில் பயனில்லை. பரவலைப் பற்றிய அனுமானத்தைத்தான் சோதிக்க வேண்டும்.

இடர் மேலாண்மைப் பணியில் நான் முதலில் செய்வது, முடிவு விலைகளிலிருந்து லாக் ரிட்டர்ன் எடுத்து, கோட்டம், தட்டை அளவை, கியூ-கியூ வரைபடம் ஆகிய மூன்றையும் ஒன்றாகப் பார்ப்பதுதான்:

```python
r = np.log(close).diff().dropna()
print(r.skew(), r.kurt())
scipy.stats.probplot(r, plot=plt)
```

முதல் எண் கோட்டம். இயல்நிலைப் பரவலில் அது 0. எதிர்க்குறியில் வந்தால் பெரிய வீழ்ச்சிகள் பெரிய ஏற்றங்களைவிடக் கனமானவை என்று பொருள். இரண்டாவது தட்டை அளவை; பரவலின் இரு ஓரங்களான வால்கள் எவ்வளவு கனமானவை என்பதை அது சொல்லும். இயல்நிலைப் பரவலுக்கு இதன் மதிப்பு 3. ஆனால் மேலே உள்ள `kurt()` அந்த 3 ஐக் கழித்துவிட்டு, மிகைத் தட்டை அளவையைத்தான் தருகிறது. எக்செல்லின் `KURT` சார்பும் அப்படியே. இது தெரியாமல் மீண்டும் 3 ஐக் கழித்து, கனமான வாலைச் சாதாரண வாலாகக் காட்டிய அறிக்கைகளை நான் பார்த்திருக்கிறேன்.

1000 நாள் தரவில் தற்செயலாகவே கோட்டம் ஏறத்தாழ 0.15 வரையும், மிகைத் தட்டை அளவை 0.3 வரையும் விலகலாம். அதைத் தாண்டினால் சந்தேகப்பட வேண்டும். ஆனால் இந்த எண்களை மட்டும் நம்புவதிலும் ஆபத்து உண்டு. திட்டவிலக்கம் 1 சதவீதமாக, கச்சிதமான இயல்நிலைப் பரவலில் அமைந்த 999 நாள்களை எடுத்து, அவற்றோடு 13 சதவீத வீழ்ச்சி கொண்ட ஒரே ஒரு நாளைச் சேர்த்துப் பாருங்கள். தட்டை அளவை 3 இலிருந்து 23 க்குத் தாவும், கோட்டம் −1.7 ஆகும். ஒரு நாளால் வந்த 23 ஐயும், நூறு நாள்களால் வந்த 23 ஐயும் அந்த எண் பிரித்துக் காட்டாது.

அதைப் பிரித்துக் காட்டுவது கியூ-கியூ வரைபடம். வரிசைப்படுத்திய ரிட்டர்ன்களை, இயல்நிலைப் பரவலில் அந்தந்த இடத்துக்கு உரிய மதிப்புகளுக்கு எதிரே புள்ளிகளாக வைக்கிறோம். மேற்சொன்ன செயற்கைத் தரவில் எல்லாப் புள்ளிகளும் கோட்டின் மீதே இருக்க, ஒன்று மட்டும் இடது ஓரத்தில் தனியாக விழுந்து கிடக்கும். உண்மையான பங்குக் குறியீட்டில் அப்படி இருக்காது: நடுப்பகுதி கோட்டோடு போகும், இடது முனை படிப்படியாகக் கீழே வளையும், வலது முனை மேலே வளையும். வால் முழுவதுமே கனமானது என்பதற்கு அந்த வளைவுதான் சான்று. `probplot` கோட்டை எல்லாப் புள்ளிகளுக்கும் பொருத்துவதால் ஓரப் புள்ளிகள் அதைத் தம் பக்கம் சாய்த்துவிடும். முதல், மூன்றாம் கால்மானங்களின் வழியே கோடு போட்டால் வளைவு நேர்மையாகத் தெரியும்.

இந்தச் சோதனையில் தோற்றால் இடர் மாதிரிக்கு என்ன ஆகும்? குறிப்பிட்ட சதவீத நாள்களில் நட்டம் தாண்டாத எல்லையான 'வேல்யூ அட் ரிஸ்க்' எல்லா மட்டத்திலும் குறைவாக வரும் என்று பலரும் நினைக்கிறார்கள்; அது சரியல்ல. அதே 1.2 சதவீதத் திட்டவிலக்கத்தில் இயல்நிலைப் பரவலையும், வால் கனமான, 4 வரையற்ற பாகை கொண்ட ஸ்டூடன்ட் டி பரவலையும் ஒப்பிடுவோம். 95 சதவீத மட்டத்தில் நட்ட எல்லை முறையே 1.97, 1.81 சதவீதம், அதாவது இயல்நிலை மாதிரிதான் கூடுதல் எச்சரிக்கையோடு இருக்கிறது. 99 இல் 2.79 க்கு எதிராக 3.18. 99.9 இல் 3.71 க்கு எதிராக 6.09.

மாதிரி சொன்ன எல்லையை நடந்து முடிந்த நாள்களோடு ஒப்பிடும் பின்னோக்குச் சோதனை இதைத் தவறவிடுவதன் காரணமும் இதுவே. உண்மை டி பரவலாக இருந்து மாதிரி இயல்நிலையாக இருந்தால், 250 நாளில் 95 சதவீத எல்லையை மீறும் நாள்கள் சராசரியாக 10, எதிர்பார்ப்போ 12.5. 99 சதவீதத்தில் 2.5 க்குப் பதில் 3.8 மீறல்கள் வரும். வங்கிகளுக்கான பாசல் விதியில் 4 வரை பச்சை மண்டலம், அதாவது மாதிரி தேறிவிடும். மீறல்களை எண்ணினால் மட்டும் போதாது, ஒவ்வொரு மீறலும் எல்லையைத் தாண்டி எவ்வளவு தூரம் போயிற்று என்பதையும் பதிவு செய்ய வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். மார்ஜினும் மூலதனமும் கரைவது அந்தத் தூரத்தில்தான்.

வளைவைக் கண்டதும் உடனே டி பரவலுக்குத் தாவவும் வேண்டாம். அமைதியான மாதங்களையும் கொந்தளிப்பான மாதங்களையும் ஒரே தொகுப்பாகக் கலந்தாலே வால் கனமாகத் தெரியும். ஆகவே ஒவ்வொரு நாள் ரிட்டர்னையும், முந்தைய நாள் வரையிலான தரவிலிருந்து மதிப்பிட்ட ஏற்ற இறக்க அளவால் வகுத்து (எடைக்காரணி 0.94 கொண்ட அடுக்குக்குறிச் சராசரி போதும்) வரைபடத்தை மீண்டும் வரையுங்கள். வளைவு மறைந்தால், மாதிரியில் மாறும் ஏற்ற இறக்கத்தைச் சேர்த்தால் போதும். இடது முனை அப்போதும் கோட்டுக்குக் கீழேயே நின்றால் வாலையே மாற்றியாக வேண்டும்: அந்த வகுத்த எச்சங்களுக்கு டி பரவலைப் பொருத்துங்கள், அல்லது எச்சங்களையே வரலாற்று மாதிரியாக எடுத்து இன்றைய ஏற்ற இறக்க அளவால் பெருக்குங்கள்.