வர்க்கம் எதற்கு? குறைக்குறியை நீக்க மட்டும் அல்ல

தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் புதிதாகச் சேருபவர்களிடம், புள்ளிகளின் ஊடாகக் கோடு பொருத்தும்போது விலகல்களை ஏன் வர்க்கப்படுத்துகிறோம் என்று கேட்பது என் வழக்கம். பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: "கூட்டல் விலகலும் கழித்தல் விலகலும் ஒன்றையொன்று அடித்துவிடாமல் இருக்க." பாடப்புத்தகங்களும் பெரும்பாலும் இத்துடன் நிறுத்திக்கொள்கின்றன. ஆனால் அந்தக் காரணம் மட்டும் போதாது. குறைக்குறிதான் தொல்லை என்றால் அதை நீக்கிவிட்டு வெறும் தொலைவைக் கூட்டலாமே? மட்டு மதிப்பு அதைத்தானே செய்கிறது? உண்மைக் காரணம் தெரியாமல் இந்த முறையைக் கையாள்பவர், அது எங்கே ஏமாற்றும் என்பதையும் அறியமாட்டார்.

நாங்கள் அன்றாடம் செய்யும் இரும்புச் சோதனையையே எடுத்துக்கொள்வோம். தண்ணீரில் பினான்த்ரோலின் என்ற வேதிப்பொருளைச் சேர்த்தால், அதிலுள்ள இரும்பு செம்மஞ்சள் நிறம் கொடுக்கும். நிறம் எவ்வளவு அடர்த்தியோ அவ்வளவு ஒளி உறிஞ்சப்படும். ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டர் அதை ஓர் எண்ணாகக் காட்டும். லிட்டருக்கு 1 மில்லிகிராம் இரும்பு இருந்தால் ஏறத்தாழ 0.200 என்று வரும். தசமப் புள்ளியை மறந்துவிட்டு 200 என்றே வைத்துக்கொள்வோம். அளவு தெரிந்த சில கரைசல்களை நாமே தயாரித்து, அவற்றின் அளவீடுகளைக் குறித்து, ஒரு கோடு வரைகிறோம். பிறகு ஊரிலிருந்து வந்த தண்ணீரின் அளவீட்டை அந்தக் கோட்டில் வைத்து, இரும்பு எவ்வளவு என்று படிக்கிறோம்.

விலகலைச் செங்குத்தாக அளப்பதற்கான காரணமும் இதிலேயே இருக்கிறது. கிடை அச்சில் இருப்பது நாம் பிப்பெட்டால் அளந்து தயாரித்த கரைசலின் செறிவு. அதில் பிழை மிகக் குறைவு. செங்குத்து அச்சில் இருப்பது கருவி காட்டும் எண், ஆட்டமெல்லாம் அதில்தான். எந்தப் பக்கம் பிழை இருக்கிறதோ அந்தப் பக்கத்தில் அளக்கிறோம். கோட்டுக்குச் செங்கோணமாக, மிகக் குறுகிய தொலைவை அளந்தால் என்ன என்று சிலர் கேட்பார்கள். ஒரு பக்கம் மில்லிகிராம், மறுபக்கம் கருவியின் எண். இரண்டையும் கலந்து அளக்கும் தொலைவுக்கு அலகே கிடையாது. மில்லிகிராமை மைக்ரோகிராமாக மாற்றி எழுதினால் கோடே வேறாகிவிடும்.

இனி வர்க்கத்துக்கு வருவோம். ஒரே கரைசலை இரண்டு முறை அளந்தோம். 190, 210 என்று வந்தது. இரண்டுக்கும் பொதுவாக ஓர் எண்ணைத் தேர்ந்தெடுக்க வேண்டும். வெறும் தொலைவைக் கூட்டிப் பாருங்கள். 200ஐத் தேர்ந்தால் 10 + 10 = 20. 205 என்றால் 15 + 5 = 20. 190 என்றாலும் 0 + 20 = 20. இடையிலுள்ள எந்த எண்ணை எடுத்தாலும் கூட்டுத்தொகை மாறுவதில்லை. எது சிறந்தது என்று இந்த அளவுகோலால் சொல்லவே முடியவில்லை.

வர்க்கப்படுத்தினால் 200க்கு 100 + 100 = 200. 205க்கு 225 + 25 = 250. 190க்கு 0 + 400 = 400. இப்போது 200 மட்டுமே வெல்கிறது. ஒரு பெரிய விலகலைவிட இரண்டு சிறிய விலகல்களே மேல் என்று வர்க்கம் முடிவு செய்கிறது. வெறும் தொலைவுக்கோ எல்லாம் ஒன்றுதான்.

கோட்டிலும் இதே கதைதான். 1 மில்லிகிராம் கரைசலுக்கு 190, 210. 4 மில்லிகிராம் கரைசலுக்கு 790, 810 என்று வைத்துக்கொள்வோம். முதல் இடத்தில் 190க்கும் 210க்கும் இடையில், இரண்டாம் இடத்தில் 790க்கும் 810க்கும் இடையில் செல்லும் எந்தக் கோட்டுக்கும் தொலைவுகளின் கூட்டுத்தொகை 40தான். ஊர்த் தண்ணீர் 300 காட்டினால், கீழ்க்கோட்டின்படி இரும்பு 1.55, மேல்கோட்டின்படி 1.45. எந்த எண்ணை அறிக்கையில் எழுதுவது? வர்க்கங்களின் கூட்டுத்தொகையைக் குறைக்கும் கோடு ஒன்றே ஒன்றுதான்: 200, 800 வழியாகச் செல்வது. விடை 1.50.

படமாக நினைத்தால், தொலைவின் வரைபடம் கூர்மையான V. பல V-களைக் கூட்டினால் ஆங்காங்கே முனைகளும், சில சமயம் தட்டையான அடித்தளமும் வரும். வர்க்கத்தின் வரைபடம் வழவழப்பான கிண்ணம். கிண்ணங்களைக் கூட்டினாலும் கிண்ணம்தான் வரும். அதற்கு ஒரே அடி. அந்த அடியில் கிண்ணத்தின் சாய்வு பூச்சியம் என்று எழுதினால் இரண்டு எளிய சமன்பாடுகள் கிடைக்கும். அவற்றிலிருந்து கோட்டின் சாய்வையும் வெட்டுத்துண்டையும் கையாலேயே கணக்கிட்டுவிடலாம். கணினி இல்லாத காலத்தில் இது சிறிய வசதி அல்ல. 1750களிலேயே, பூமியின் வடிவத்தைக் கணிக்க முயன்ற போஸ்கோவிச், தொலைவுகளின் கூட்டுத்தொகையைக் குறைக்கும் வழியைத்தான் கையாண்டார். வர்க்க முறையை லெஜாந்தர் 1805இல் வெளியிட்ட பிறகு வானியலாளர்கள் விரைவிலேயே அதற்கு மாறிவிட்டார்கள்.

1809இல் காஸ் இன்னொரு காரணத்தையும் சேர்த்தார். பிழைகள் மணி வடிவப் பரவலில் இருந்தால், அதாவது சிறு பிழைகள் மிகுதியாகவும் பெரும் பிழைகள் மிக அரிதாகவும் வந்தால், வர்க்க முறை தரும் கோடே மிகவும் சாத்தியமான கோடு. பல சிறு காரணங்கள் சேர்ந்து உண்டாக்கும் பிழை பெரும்பாலும் இப்படித்தான் பரவும். நல்ல நிலையில் இருக்கும் கருவியின் ஆட்டமும் அப்படியே.

அந்த "நல்ல நிலையில்" என்ற நிபந்தனையை மறக்கக்கூடாது. பெரிய விலகலை வெறுக்கும் அதே குணம், ஒரே ஒரு தவறான புள்ளிக்கு மிதமிஞ்சிய செல்வாக்கைக் கொடுத்துவிடும். ஐந்து கரைசல்கள், 200, 400, 600, 800 என்று ஒழுங்காக வந்து, ஐந்தாவது 1000 காட்ட வேண்டிய இடத்தில் 1100 காட்டுகிறது. கரைசலை ஊற்றி அளக்கும் சிறு குப்பியான குவெட்டின் சுவரில் ஒட்டிய காற்றுக்குமிழி ஒளியைச் சிதறடித்தாலே இப்படி ஏறிவிடும். R மென்பொருளில் இரண்டு கோடுகளையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டுப் பார்க்கலாம். `lm` வர்க்கத்தைக் குறைக்கிறது. `rq` தொலைவைக் குறைக்கிறது. இரண்டும் முதலில் வெட்டுத்துண்டையும் அடுத்துச் சாய்வையும் தரும்.

```r
library(quantreg)
x <- c(1, 2, 3, 4, 5)
y <- c(200, 400, 600, 800, 1100)
coef(lm(y ~ x))   # -40, 220
coef(rq(y ~ x))   # 0, 200
```

தொலைவைக் குறைக்கும் கோடு, சரியான நான்கு புள்ளிகளோடு அசையாமல் நின்றுவிட்டது. வர்க்கக் கோடு ஐந்தாவது புள்ளியை நோக்கிச் சாய்ந்துவிட்டது. 100 காட்டும் ஊர்த் தண்ணீரில் 0.50 மில்லிகிராம் என்று வர வேண்டியது, வர்க்கக் கோட்டின்படி 0.64 ஆகிவிடுகிறது. பிழை நேர்ந்தது மேல்முனையில். தப்பான விடை வந்தது கீழ்முனையில்.

எச்சங்களைப் பாருங்கள், அதாவது, ஒவ்வோர் அளவீட்டிலிருந்தும் கோடு சொல்லும் மதிப்பைக் கழித்தால் கிடைப்பவை. வர்க்கக் கோட்டுக்கு அவை 20, 0, −20, −40, 40. ஐந்தாவது புள்ளி 100 அளவுக்குத் தவறியது. ஆனால் இங்கே 40 மட்டுமே காட்டுகிறது. குற்றமே செய்யாத நான்காவது புள்ளியிலும் அதே அளவு. "மிகப் பெரிய எச்சம் உள்ளதை நீக்கு" என்ற விதியை நம்பினால், நல்ல புள்ளியைத் தூக்கி எறிந்துவிடும் அபாயம் இருக்கிறது. எச்சங்கள் ஒழுங்கின்றிச் சிதறாமல் படிப்படியாக இறங்கி, கடைசியில் திடீரென்று ஏறுகின்றன. இந்த வடிவம்தான் துப்பு.

எங்கள் கூடத்தில் இரண்டு கோடுகளையும் கணக்கிட்டு, அவை தரும் விடைகள் ஒத்துப்போனால் வர்க்கக் கோட்டின் விடையையே அறிக்கையில் எழுதுகிறோம். ஒத்துப்போகாவிட்டால் கணக்கை நிறுத்திவிட்டுக் குவெட்டைக் கழுவி, குமிழியைத் தட்டி வெளியேற்றி, ஐந்தாவது கரைசலை மறுபடி அளப்போம். மீண்டும் 1100 வந்தால் அந்தக் கரைசலைக் கொட்டிவிட்டுப் புதிதாகத் தயாரிப்போம்.