படகு படத்தில் கீழே தெரிகிறது, முக்கோணத்தில் எங்கே வைப்பது?

பத்தாம் வகுப்பு முக்கோணவியலில் உயரமும் தொலைவும் வந்துவிட்டால், ஒரு கலங்கரை விளக்கமும் ஒரு படகும் கூடவே வந்துவிடும். முன்பெல்லாம் கோட்டுப்படம்தான் இருக்கும். இப்போது பல பயிற்சித் தாள்களில் நிஜப் புகைப்படத்தைப் போட்டு, அதன் மேலேயே கோடு இழுத்துக் கொடுக்கிறார்கள். பார்க்க நன்றாக இருக்கிறது. ஆனால் வகுப்பில் விடைத்தாள் திருத்தும்போது, கணக்கு தெரிந்த பிள்ளைகளே அந்தப் படத்தை நம்பித் தடுமாறுவதைத் தொடர்ந்து பார்க்கிறேன்.

ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம். விளக்கின் உச்சி கடல் மட்டத்திலிருந்து 60 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து பார்க்கும்போது படகின் இறக்கக் கோணம் 30°. விளக்கின் அடியிலிருந்து படகு எவ்வளவு தூரம்?

படத்தைக் கரையில் ஒரு மேட்டில் நின்று எடுத்திருக்கிறார்கள். படகு கேமராவுக்குப் பக்கத்தில் இருப்பதால், தாளில் அது விளக்கின் அடியைவிடக் கீழே விழுகிறது. ஒரு மாணவி உச்சி, அடி, படகு மூன்றையும் படத்தில் இருந்தபடியே சேர்த்தாள். அடியிலிருந்து படகுக்குப் போகும் கோடு சரிந்து இறங்கியது. அடியில் இருக்க வேண்டிய செங்கோணம் விரிகோணமாகிவிட்டது. எதிர்ப்பக்கம், அடுத்துள்ள பக்கம் என்று tan எழுத அங்கே செங்கோண முக்கோணமே இல்லை. இன்னொருவன் தூரத்தில் கடலும் வானமும் சேரும் தொடுவானக் கோட்டை அடிப்பக்கமாக எடுத்துக்கொண்டான். படத்தில் அந்தக் கோடு கேமராவின் கண்மட்டத்தைக் காட்டுவது. மேட்டில் நின்று எடுத்த படத்தில் அது விளக்கை அடிக்குச் சற்று மேலே வெட்டும். அவன் 60 மீட்டர் என்று குறித்த பக்கத்தில் அடிப்பகுதி கொஞ்சம் விடுபட்டுப்போனது.

விஷயம் இதுதான். நாம் தேடும் முக்கோணம், விளக்கிலிருந்து படகு வரை செங்குத்தாக எழுப்பிய சுவர் மாதிரி நிற்கிறது. அந்தச் சுவருக்கு நேர் எதிரே நின்று பார்த்தால்தான் அதன் உண்மையான வடிவம் தெரியும். படம் எடுத்தவர் பெரும்பாலும் அங்கே நிற்பதில்லை. பக்கவாட்டில் சாய்ந்தோ, படகுக்குப் பின்னாலோ நிற்கிறார். அதனால் புகைப்படத்தின் மேல் பாகைமானியை வைத்து 30° வருகிறதா என்று பார்க்கவே கூடாது.

சரி, எப்படி வரைவது? படத்தைத் தள்ளி வைத்துவிட்டுக் கேள்வியின் வார்த்தைகளை மட்டும் படிக்க வேண்டும். முதலில் விளக்குக்கு ஒரு செங்குத்துக் கோடு. அதன் அடியிலிருந்து கடல் மட்டத்துக்கு ஒரு கிடைக்கோடு. படகை அந்தக் கோட்டின் மேலேயே வைக்க வேண்டும், படத்தில் எங்கே தெரிந்தாலும் சரி. உச்சியையும் படகையும் சேர்த்தால் அது பார்வைக் கோடு. அப்புறம் உச்சியிலிருந்து படகின் பக்கமாகப் புள்ளிக்கோட்டில் இன்னொரு கிடைக்கோடு போட வேண்டும். பலர் விட்டுவிடுவது இதைத்தான். 30° என்பது இந்தப் புள்ளிக்கோட்டுக்கும் பார்வைக் கோட்டுக்கும் இடையில் இருப்பது. அது முக்கோணத்துக்கு வெளியே விழுகிறது. மேலும் கீழுமாக இரண்டு கிடைக்கோடுகளும் இணையாக இருப்பதால், ஒன்றுவிட்ட கோணமாக அதே 30° படகின் முனையில் வருகிறது. படகிலிருந்து உச்சியைப் பார்ப்பவருக்கு அதுவே ஏற்றக் கோணம்.

இனி tan 30° = 60/x. x = 60√3, ஏறக்குறைய 103.9 மீட்டர்.

புள்ளிக்கோடு போடாதவர்கள் 30°-ஐ உச்சியில், கோபுரத்தை ஒட்டி முக்கோணத்துக்குள் குறித்துவிடுகிறார்கள். அவர்களுக்கு tan 30° = x/60 ஆகி, விடை 34.6 மீட்டர் வரும். இதைக் கண்டுபிடிக்க ஒரு சோதனை போதும்: இறக்கக் கோணம் 45°-க்குக் குறைவாக இருந்தால் தூரம் உயரத்தைவிட அதிகமாகத்தான் இருக்கும். 60-ஐவிடச் சின்ன விடை வந்ததுமே கோணம் இடம் மாறியிருக்கிறது என்று தெரிந்துவிடும்.

இன்னொரு இடத்திலும் படம் ஏமாற்றும். மாமல்லபுரம் கலங்கரை விளக்கம் பாறைக் குன்றின் மேல் நிற்கிறது. அப்படி ஒரு படத்தைக் கொடுத்து, கோபுரம் 25 மீட்டர், பாறை 35 மீட்டர் என்று கேட்டால், முக்கோணத்தின் உயரம் 60 மீட்டர்தான். 25-ஐ மட்டும் போட்டால் தூரம் 43.3 மீட்டர் என்று தவறாக வரும். இங்கே செங்கோணம் அமையும் புள்ளி, உச்சிக்கு நேர் கீழே கடல் மட்டத்தில், பாறைக்குள் இருக்கிறது. எந்தப் புகைப்படத்திலும் அது தெரியாது. தூரமும் அந்தப் புள்ளியிலிருந்துதான், கரையின் விளிம்பிலிருந்து இல்லை.

வினாத்தாள் தயாரிக்கும் ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். புகைப்படம் போடுங்கள், ஆனால் அதன் மேல் கோணம் குறிக்காதீர்கள். உயரம் கடல் மட்டத்திலிருந்தா, கோபுரத்துக்கு மட்டுமா என்பதைக் கேள்வியிலேயே எழுதிவிட்டு, பக்கத்தில் பிள்ளைகள் தாங்களே வரைந்துகொள்ள ஒரு வெற்றுக் கட்டம் விடுங்கள்.