மாற்றுத்திறனாளிகளுக்கான பல் சிகிச்சை: சட்டம் தரும் உரிமையும் நிராமயா காப்பீடும்

மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016-இன் 25-ஆம் பிரிவு உடல்நலம் பற்றியது. அரசு மருத்துவமனையானாலும் தனியார் மருத்துவமனையானாலும் அதன் எல்லாப் பகுதிகளுக்கும் தடையின்றிச் சென்றுவர வழி இருக்க வேண்டும் என்றும், சிகிச்சையில் மாற்றுத்திறனாளிக்கு முன்னுரிமை தரப்பட வேண்டும் என்றும் அது சொல்கிறது. பல் மருத்துவப் பிரிவும் இதற்கு விலக்கல்ல. இதே சட்டத்தில் 'பாகுபாடு' என்ற சொல்லுக்குத் தரப்பட்டுள்ள பொருளை அறிந்தவர்கள் குறைவு: ஒருவருடைய குறைபாட்டுக்கு ஏற்ப நியாயமாகச் செய்து தரக்கூடிய மாற்றத்தை மறுப்பதும் பாகுபாடே. பல் மருத்துவரின் நாற்காலியில் அந்த மாற்றம் எப்படி இருக்கும், அதற்கான செலவில் எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்பதை ஓர் எடுத்துக்காட்டின் வழியே பார்ப்போம்.

பத்து வயதுச் சிறுவன்; மூளை முடக்குவாதம், அதோடு வலிப்பும் உண்டு. வலிப்புக்கு ஃபெனிட்டாய்ன் மாத்திரை எடுத்துக்கொள்கிறான். பல் துலக்கும்போது இரத்தம் வருகிறது. முன்பற்களின் பாதிவரை ஈறு வளர்ந்து மூடியிருக்கிறது. இந்த ஈறு வீக்கம் அந்த மருந்தின் அறியப்பட்ட பக்கவிளைவுதான். ஆனால் பல்லில் அழுக்கு தங்கத் தங்கத்தான் அது வேகமாக வளர்கிறது. எனவே பெற்றோர் தாமாக மருந்தை நிறுத்திவிடக் கூடாது. நிறுத்தினால் வலிப்பு திரும்பக்கூடும். மருந்தை மாற்றலாமா என்பதைப் பல் மருத்துவர் நரம்பியல் மருத்துவருக்குக் கடிதம் எழுதிக் கேட்க வேண்டும். வீட்டில் செய்யக்கூடியது, பல் துலக்கும் முறையை மாற்றுவது.

அவனால் மெல்லிய கைப்பிடியைப் பற்ற முடியாது. சைக்கிள் கைப்பிடியின் ரப்பர் உறையை பிரஷ்ஷில் செருகிவிட்டால் பிடி தடித்துவிடும், அவனே சிறிது நேரம் துலக்கலாம். விட்டுப்போனதைப் பெரியவர் துலக்கிவிட வேண்டும். வாஷ் பேசின் முன் நிற்கவைத்துத் துலக்குவதைவிட, தாய் நாற்காலியில் அமர்ந்து, தரையில் அமர்ந்த மகனின் தலையைத் தம் மடியில் சாய்த்துக்கொள்வது எளிது. தலையைப் பின்னால் மிகவும் சாய்த்துவிடக் கூடாது. விழுங்குவதில் சிரமம் உள்ள குழந்தைக்கு எச்சிலும் பேஸ்டும் மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். பட்டாணி அளவு ஃபுளோரைடு பேஸ்டே போதும். துப்பத் தெரியாதவனுக்குக் கொப்பளிக்கத் தண்ணீர் கொடுக்காமல், ஈரத்துணியால் நுரையைத் துடைத்துவிடலாம். திடீரென்று கடித்துவிடும் இயல்பு இருப்பதால் விரலைப் பற்களுக்கு இடையே விடாமல், கன்னத்தின் உட்புறமாக மட்டும் நுழைத்து உதட்டை விலக்க வேண்டும். மருந்து சிரப்பாக இருந்தால் அதில் சர்க்கரை இருக்கக்கூடும். ஆகவே இரவில் மருந்து கொடுத்த பிறகே பல் துலக்க வேண்டும், துலக்கிவிட்டு மருந்து கொடுப்பது பயன் தராது.

இனி மருத்துவமனை. சட்டம் சொல்லும் முன்னுரிமையை வெறும் 'வரிசையில் முன்னால் விடுங்கள்' என்று கேட்பதைவிட, காலையில் முதல் நேரத்தை முன்கூட்டியே ஒதுக்கித் தரும்படி கேட்பது நல்லது. கூட்டமும் இயந்திரச் சத்தமும் அப்போது குறைவு. வழக்கமான வலிப்பு மாத்திரையை அன்று காலையிலும் தவறாமல் கொடுத்துவிட்டு அழைத்துச் செல்ல வேண்டும். முதல் வருகையில் சிகிச்சையே வேண்டாம் என்று சொல்லலாம். சிறுவன் அறையைப் பார்க்கட்டும், நாற்காலியைத் தொடட்டும், சிறிய கண்ணாடியைக் கையில் வைத்துப் பார்க்கட்டும். அடுத்த வருகையில் மருத்துவர் ஒவ்வொரு செயலையும் முதலில் சொல்லி, பிறகு விரல் நகத்தின்மேல் செய்துகாட்டி, அதன்பின் வாயில் செய்வார். குழந்தைகள் பல் மருத்துவத்தில் இது பழகிய முறை.

மூளை முடக்குவாதம் உள்ள குழந்தையிடம் ஒரு தனிக் கவனம் தேவை. நாற்காலியைச் சட்டென்று சாய்த்தாலோ, விளக்கு முகத்தில் அடித்தாலோ உடல் துள்ளி விறைத்துக்கொள்ளும். பார்ப்பவர்கள் இதைப் பிடிவாதம் என்று எண்ணிவிடுவது வழக்கம். அது அவன் கட்டுப்பாட்டில் இல்லாத அனிச்சை. நாற்காலியை முன்பே பாதி சாய்த்து வைத்து, அதன்பின் அவனை அமர்த்தி, முழங்கால்களுக்கு அடியில் தலையணை வைத்து மடக்கிவிட்டால் விறைப்பு தளர்கிறது. சக்கர நாற்காலியிலேயே இருத்திப் பரிசோதிப்பதும் பல நேரம் முடியும். கையைக் காலைப் பிடித்துக்கொண்டு பல்லைப் பிடுங்குவது, பெற்றோரிடம் விளக்கி ஒப்புதல் பெறாமல் செய்யக்கூடிய காரியமே அல்ல. ட்ரில் வைக்க முடியாத சொத்தைப் பல்லுக்கு சில்வர் டயமைன் ஃபுளோரைடு என்னும் திரவத்தைத் தடவிச் சொத்தையை நிறுத்தும் வழியும் உண்டு. ஒரு நிமிட வேலைதான். ஆனால் சொத்தைப் பகுதி நிரந்தரமாகக் கறுத்துவிடும் என்பதை முன்கூட்டியே சொல்ல வேண்டும். இவை எதுவும் பலிக்காதபோதுதான் முழு மயக்கமருந்து.

செலவுக்கு நிராமயா. 1999-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த தேசிய அறக்கட்டளை நடத்தும் இந்தக் காப்பீடு ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகிய நான்குக்கு மட்டுமே. 2016 சட்டம் 21 குறைபாடுகளை ஏற்றிருந்தாலும், காது கேளாமையோ பார்வையின்மையோ மட்டும் உள்ளவர் இதில் சேர முடியாது. டவுன் சிண்ட்ரோம் உள்ளவர், சான்றிதழில் அறிவுசார் குறைபாடு என்று குறிக்கப்பட்டிருந்தால் சேரலாம். சேர்வதற்கு முன் மருத்துவப் பரிசோதனை கிடையாது. வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ள குடும்பத்துக்குச் சேர்க்கைக் கட்டணம் 250 ரூபாய், மற்றவர்களுக்கு 500. அறக்கட்டளையில் பதிவுபெற்ற தொண்டு நிறுவனம் வழியாக விண்ணப்பிக்க வேண்டும்.

இந்தக் காப்பீட்டில் ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை கிடைக்கும் என்று கேட்டவுடன் பல் சிகிச்சைக்கும் அவ்வளவு கிடைக்கும் என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். அந்த ஒரு லட்சம் தலைப்பு வாரியாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. பல்லுக்கு உரியது புறநோயாளிப் பகுதியில், 'தடுப்புப் பல் மருத்துவம்' என்ற பெயரில் சில ஆயிரம் ரூபாய் மட்டுமே. நம் சிறுவனுக்குப் பல் சுத்தம் செய்வதும் ஃபுளோரைடு தடவுவதும் அதற்குள் அடங்கும். செயற்கைப் பல்லையோ கிளிப்பையோ நம்பிக் கணக்குப் போடக் கூடாது. மயக்கமருந்து கொடுத்துச் செய்வதானால் அது எந்தத் தலைப்பில் வரும் என்பதைச் சிகிச்சைக்கு முன்பே தொண்டு நிறுவனம் வழியாக எழுதிக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

பணத்தை முதலில் நாம் கட்டி, பிறகு திரும்பப் பெற வேண்டும். எந்த மருத்துவமனையில் பார்த்தாலும் சரி. சிக்கல் வருவது பில்லில்தான். 'பல் சிகிச்சை, ரூ. 1,200' என்று மட்டும் எழுதிய சீட்டை வைத்து என்ன செய்தார்கள் என்று யாரும் சொல்ல முடியாது. தேதி, எந்தப் பல், என்ன செய்யப்பட்டது, மருத்துவரின் கையெழுத்து, பதிவு எண் ஆகியவை இருக்க வேண்டும். மருந்துச் சீட்டும் அசல் இரசீதும் கூட வேண்டும். நாற்காலியில் இருந்து எழுந்து வரும்போதே கேட்டு வாங்கிவிடுங்கள், ஒரு மாதம் கழித்துப் போய்க் கேட்டால் கிடைப்பது கடினம்.

சிறுவனுக்கு 18 வயது நிறைந்ததும் இன்னொரு சிக்கல் எழும். அதன்பின் பெற்றோர் தாமாகவே சட்டப்படி பாதுகாவலர் ஆகிவிடுவதில்லை. அவனே புரிந்துகொண்டு ஒப்புதல் தர முடியுமானால் அவனிடம்தான் கேட்க வேண்டும். முடியாவிட்டால், மயக்கமருந்துக்கு முன் மருத்துவமனை பாதுகாவலர் சான்றிதழைக் கேட்கக்கூடும். அதை வழங்குவது மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்க் குழு. வலி வந்த பிறகு விண்ணப்பித்தால் காத்திருக்க நேரும் என்பதால், 18 வயது நிறைந்தவுடனேயே விண்ணப்பத்தைக் கொடுத்துவிடுவது நல்லது.